நாலு விசில்

குன்னூர் மார்க்கெட்டில் கறி வாங்கும்போது பல்கீஸ் தராசைப் பார்ப்பதில்லை, கத்தியைத்தான் பார்ப்பாள். முன்னங்கால் சப்பையில் அரைக் கிலோ, நெஞ்செலும்பில் கால் கிலோ, ஒரு நல்லி, மேலே கொஞ்சம் கொழுப்பு. துண்டு பெரிதாக விழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுவாள். மகள் ரஹ்மத் சின்ன வயதில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று இதையெல்லாம் பார்த்தவள்தான். ஆனால் பார்த்தது வேறு, தனியாக நின்று வாங்குவது வேறு.

அந்தப் பெண் இப்போது இங்கிலாந்தில், டர்ஹாமில் இருக்கிறாள். நிலச்சரிவைப் பற்றிய படிப்பு. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மலை சரிந்தபோது அவளுக்கு ஏழு வயது. ரோடு போச்சு, தண்டவாளம் போச்சு, மண்ணுக்குள் வீடுகள் போச்சு என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள். எங்கே போய்ப் படித்தாலும் திரும்பி இந்த மண்ணுக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

படிப்பைப் பற்றி பல்கீஸுக்குக் கவலை இல்லை. சாப்பாடுதான் கவலை. விடுதிக்குப் பக்கத்துக் கடையில் ஹலால் கோழி உறைய வைத்த பாக்கெட்டில் கிடைத்தது. எலும்போடு ஆட்டுக்கறி கிடைக்கவில்லை. உப்புக்கண்டம் போட்டுக் கொடுத்தனுப்பலாம் என்று இருந்தாள். இந்தியாவிலிருந்து இறைச்சி எந்த வடிவத்திலும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று ரஹ்மத்தின் அத்தா விதியைப் படித்துச் சொல்லித் தடுத்துவிட்டார். அதனால் பெட்டியில் போனது வறுத்து அரைத்த கறிமசாலாவும், பர்லியாற்றுக் கிராம்பும், இண்டக்‌ஷன் அடிபோட்ட மூன்று லிட்டர் குக்கரும்தான்.

"நியூகாசிலுக்குப் போனாக் கிடைக்குமாம்மா" என்றாள் ரஹ்மத் ஒரு வெள்ளிக்கிழமை. "பக்கத்து ரூம் ஹவ்வா சொன்னா. நைஜீரியாவுல கானோ அவங்க ஊரு. அவங்களுக்கும் வெள்ளாட்டுக்கறிதான் உசுரு. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்னா."

"முஸ்லிம் புள்ளையா?"

"ஆமா. தொழுகைக்கு எழுப்பிவிடுறதே அவதான்."

பல்கீஸுக்கு அந்த முகம் தெரியாத பெண்ணின்மேல் அப்போதே பாசம் வந்துவிட்டது.

சனிக்கிழமை குன்னூரில் மணி நாலரை. பனி தேயிலைச் சரிவிலிருந்து ஏறி வந்து ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீடியோ அழைப்பு வந்தது. அங்கே காலை பதினொன்று. டர்ஹாமிலிருந்து ரயிலில் கால் மணி நேரம், டைன் ஆற்றைத் தாண்டினால் நியூகாசில். அங்கிருந்து பஸ் பிடித்து மேட்டில் ஏறிப் போனால் வெஸ்ட் ரோடு. போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள் ரஹ்மத். வெண்டைக்காய் கூடை வாசலில் இருந்தது, கொத்தமல்லிக் கட்டு இருந்தது, பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. சீமையில் இப்படி ஒரு தெரு இருக்கும் என்று பல்கீஸ் நினைத்ததே இல்லை.

முதல் கடையில் பச்சை எழுத்தில் ஹலால் என்று போட்டிருந்தது. செம்மறிதான் இருந்தது. கொழுப்பு வெள்ளையாகப் பட்டையாக ஒட்டியிருந்ததைப் பார்த்ததுமே பல்கீஸ் வேண்டாம் என்று கையாட்டினாள். செம்மறி கெட்ட கறி இல்லை, பிரியாணிக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பல்கீஸ் வீட்டில் வைக்கிற ஆணத்துக்கு, அந்தக் கறிக்குழம்புக்கு, அந்த வாடை ஒத்துவராது.

இரண்டாவது கடைக்குள் ஹவ்வா முன்னால் போனாள். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சான்றிதழை விரலால் காட்டினாள். எச்.எம்.சி. என்று மூன்று எழுத்து.

"அப்படின்னா?"

"மயக்கம் குடுக்காம, பிஸ்மி சொல்லிக் கையால அறுத்ததுன்னு பார்த்துச் சான்று குடுக்குறவங்கம்மா. வேற சில இடத்துல மயக்கிட்டு அறுக்குறதையும் ஹலால்னு ஏத்துக்குறாங்க. ஆளுக்கு ஆள் கருத்து வேற. நீங்க கேப்பீங்கன்னுதான் நேத்தே படிச்சு வச்சேன்."

பல்கீஸ் ஒரு நிமிடம் பேசவில்லை. குன்னூரில் இந்தக் கேள்வியே வந்ததில்லை. காலையில் அறுத்தவர் யார் என்று தெரியும், அவர் எந்த வரிசையில் நின்று தொழுகிறார் என்றும் தெரியும். மகளோ ஒரு தாளைப் படித்து, யோசித்து, தானே முடிவெடுத்திருக்கிறாள்.

"சரி கண்ணு. கறியைக் காட்டு."

கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளாடு முழுசாகத் தொங்கியது. கடைக்காரர் மீர்ப்பூர்க்காரர். ரஹ்மத் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பிள்ளைகளிடம் பொறுக்கிய உருதுவை வைத்துப் பேசினாள். சப்பையை எடுத்தவர் நேரே மெஷின் பக்கம் நடந்தார். ரம்பம் சுற்றும் சத்தம் குன்னூர் வரை கேட்டது.

"மெஷின் வேண்டாம்னு சொல்லு! எலும்புத் தூள் கறியெல்லாம் ஒட்டிக்கும், ஆணம் மணல் மாதிரி நெறநெறங்கும். கத்தியில வெட்டச் சொல்லு. எங்கே, போனை அவர்கிட்டக் காட்டு."

ரஹ்மத் கொஞ்சம் கூச்சத்தோடுதான் காட்டினாள். பல்கீஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சலாம் சொன்னாள். தன் சுண்டுவிரலை மடக்கி, முதல் இரண்டு கணு அளவைக் காட்டினாள். அவர் பதில் சலாம் சொல்லி, சிரித்து, மரக்கட்டைக்குத் திரும்பினார். சப்பை எலும்பை இணைப்பில் சரியாகப் பிளந்தார். நெஞ்செலும்பை ஒவ்வொரு விலாவாகப் பிரித்துக் குறுக்கே ஒரு வெட்டு. நல்லியை இரண்டு முனையும் திறக்கிற மாதிரி தட்டி எடுத்தார். கத்தி எலும்பில் மாட்டி இழுக்கவே இல்லை. பல்கீஸ் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தொழில் தெரிந்த கை.

"கிலோ எவ்வளவு?"

"பன்னிரண்டு பவுண்டு."

பல்கீஸ் ரூபாய்க் கணக்கு மனதில் போட்டாள், வாயைத் திறக்கவில்லை. பிள்ளை சாப்பிடட்டும்.

மக்ரிப் தொழுதுவிட்டு வந்தபோது ரஹ்மத் விடுதிச் சமையலறையில் இருந்தாள். போனை மசாலா டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். சின்ன வெங்காயம் அந்தத் தெருவிலேயே கிடைத்துவிட்டது. மேலே புகை அலாரம் இருந்ததால் எண்ணெயைக் காய விடாமல் பட்டை, கிராம்பு, ஏலத்தை இளஞ்சூட்டிலேயே போட்டாள். வெங்காயம் வதங்கி ஓரம் சிவந்தது. இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மஞ்சள். கறியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றாமல் பிரட்டினாள். அது தன் தண்ணீரை விட்டு, அந்தத் தண்ணீரும் வற்றி, மறுபடி எண்ணெய் மினுங்கும் வரை பிரட்ட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கறி வெந்திருக்கும், ஆணத்தில் கறி ருசி இருக்காது. ரஹ்மத் அவசரப்படவில்லை. பிறகுதான் மல்லி, மிளகு, சீரகம், சோம்பு சேர்ந்த அந்தப் பொடி. உருளைக்கிழங்கு இரண்டு, பெரிய துண்டாக.

மூடியைப் போட்டுவிட்டு ரஹ்மத் கேட்டாள்: "எத்தனை விசில்மா? ஏழுதானே?"

ஏழு என்று சொல்ல வாயெடுத்த பல்கீஸ் நிறுத்திவிட்டாள்.

ஏழு, குன்னூர்க் கணக்கு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் வைத்தாலும் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் உள்ளே சூடு கீழ்நாட்டு அளவுக்கு ஏறாது. கல்யாணமாகிப் பள்ளபட்டியிலிருந்து வந்த புதிதில் பல்கீஸுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. உச்சி வெயில் ஊரில் பிறந்தவள், இங்கே துவரம்பருப்பு வேகாமல் நிற்பதைப் பார்த்துத் தன் கையில்தான் ஏதோ குறை என்று அழுதிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் படகர் அம்மாதான் அடுக்களைக்கு வந்து, "கை இல்லம்மா, மலை" என்று சொன்னார். பருப்பை முதல் நாள் ராத்திரியே ஊற வைக்கவும், கறிக்கு விசிலைக் கூட்டவும், குளிருக்கு மிளகைக் கூட்டவும் அவரிடம்தான் கற்றுக்கொண்டாள். ரஹ்மத் அம்மா ருசி என்று நினைத்துக்கொண்டிருக்கிற அந்தக் காரம் அப்படிச் சேர்ந்தது.

"அங்கே கடல் மட்டம்தானே கண்ணு?"

"கிட்டத்தட்ட. டர்ஹாம்ல பெரிய உயரம் இல்ல."

"அப்ப ஏழு வச்சாக் கரைஞ்சு போயிடும். கீழ எத்தனைன்னு எனக்கே மறந்துபோச்சு. இரு."

பள்ளபட்டியில் பல்கீஸின் அம்மா, ரஹ்மத்தின் நன்னிமா, இரண்டாவது மணியிலேயே போனை எடுத்தார். மூன்று பேரும் ஒரே திரையில் வந்தார்கள். நன்னிமாவின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"வெள்ளாடா, செம்மறியா?"

"வெள்ளாடு நன்னிமா."

"குட்டியா, முத்தலா?"

ரஹ்மத் விழித்தாள். பல்கீஸ்தான் சொன்னாள்: "எலும்பைப் பார்த்தேன்மா. நடுத்தரம்தான்."

"அப்ப நாலு. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சிரு. நாலு வந்ததும் அமத்திட்டு, ஆவி தானா அடங்குற வரைக்கும் மூடியைத் தொடாதே."

முதல் விசிலுக்கு ஹவ்வா பதறிக்கொண்டு சமையலறைக்குள் ஓடி வந்தாள். ரஹ்மத் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். நாலாவது விசில் முடிந்து, ஆவி அடங்கி, மூடி திறந்ததும் திரையின் மேல்பாதியிலிருந்து நன்னிமா கேள்வி கேட்டார், கீழ்ப்பாதியிலிருந்து பல்கீஸ் கேட்டாள். எண்ணெய் பிரிஞ்சிருக்கா, கிழங்கு உடைஞ்சிருக்கா, எலும்பிலிருந்து கறி கழண்டு வருதா. அரைத்த தேங்காயைக் கலந்து ஒரு கொதி விட்டு, ரஹ்மத் கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

"அம்மா" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஒரு சொட்டு விட்டாள்.

"உப்பா?"

"இல்லம்மா. உங்க மிளகு இருக்கு. ஆனா கறி நன்னிமா வீட்ல பெருநாளுக்குச் சாப்பிடுவேனே, அந்தப் பதம்."

"நாலு விசில்ல?" என்றார் நன்னிமா. "பின்னே எப்படி இருக்கும்."

பல்கீஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளே அந்தப் பதத்தில் சாப்பிட்டு எவ்வளவோ நாளாகிறது.

ரஹ்மத் சோற்றை இரண்டு தட்டில் போட்டாள். நல்லி எலும்பைக் கரண்டியில் எடுத்துத் தன் தட்டின்மேல் பிடித்தபோது நன்னிமாவின் குரல் வந்தது.

"அந்தக் கானோ புள்ளைக்கு என்ன வச்சே?"

"கறி வச்சிருக்கேன் நன்னிமா. கிழங்கும்."

"நல்லியை அதுக்கு வை."

"ஒண்ணுதான் இருக்கு நன்னிமா."

"அதனாலதான் சொல்றேன். கடைக்குக் கூட்டிட்டுப் போனது அதுதானே? வச்சிட்டு, தட்டு ஓரத்துல தட்டினா மஜ்ஜை வரும்னு சொல்லு. தெரியுதோ என்னமோ."

ஹவ்வாவுக்குத் தெரிந்திருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவள் எலும்பை எடுத்து இரண்டு தட்டு தட்டியிருந்தாள்.