விசாரணையின்றி பிறப்பிக்கப்பட்ட வரிவிதிப்பு ஆணையை ரத்து செய்யக் கோரும் மனு

கடலூர்
12.05.2025

அனுப்புநர்:
கோ. சுந்தரமூர்த்தி, பெயின்ட் மற்றும் ஹார்டுவேர் கடை உரிமையாளர், ஆல்பேட்டை, கடலூர்.

பெறுநர்:
மாநில வரி அலுவலர் அவர்கள், கடலூர்.

பொருள்: 2020-21ஆம் நிதியாண்டு. தமிழ்நாடு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 2017, பிரிவு 73இன் கீழ் 25.02.2025 அன்று பிறப்பித்த ஆணை. பிரிவு 161இன் கீழ் திருத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி ஆணையில் வரி ரூ.1,74,240, வட்டி ரூ.1,20,813, அபராதம் ரூ.20,000, ஆக மொத்தம் ரூ.3,15,053 கட்டச் சொல்லப்பட்டுள்ளது. என் தரப்பைக் கேட்காமலே இந்த ஆணை வந்துள்ளது. அறிவிப்புகளுக்கு நான் பதில் தராதது உண்மை. அதை மறைக்கவில்லை. ஏன் தரவில்லை என்பதை உள்ளபடி சொல்கிறேன்.

என் கணக்கர் உடல்நலக் குறைவால் 2024 அக்டோபரில் வேலையிலிருந்து நின்றுவிட்டார். இணையதளத்தில் பதிவான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அவருடையவை. அவற்றை உடனே மாற்றாதது என் தவறு. அதன்பின் என் மகள் ரிட்டர்ன் போட்டு வந்தார். ஓடிபி மட்டும் கணக்கரிடம் போனில் கேட்டு வாங்கிக்கொள்வோம். டிஆர்சி-01 அறிவிப்பு 27.11.2024 அன்று பதிவேற்றப்பட்டுள்ளது. அடுத்த சில நாட்களில் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் முதல் வாரம் தென்பெண்ணை வெள்ளம் கடைக்குள் இடுப்பளவு நின்றது. கீழ்த்தட்டு டின்களும் பில் கோப்புகளும் சேற்றில் கிடந்தன. பில்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மொட்டைமாடியில் செங்கல் வைத்துக் காயப்போட்டோம். பதிலளிக்கும் கெடுவான 27.12.2024 அந்த நிலையில்தான் கடந்துபோனது. 20.01.2025, 05.02.2025 நினைவூட்டல்களும் எங்கள் கண்ணில் படவில்லை. எல்லாமே View Additional Notices/Orders என்ற பக்கத்தில் இருந்தன. ரிட்டர்ன் போடும் பக்கத்தைத் தாண்டி என் மகள் போனதில்லை. ஏப்ரல் மாத ரிட்டர்ன் போட வந்த புதிய கணக்கர் 09.05.2025 அன்று அதைத் திறந்தபோதுதான் ஆணை வந்திருப்பதே தெரிந்தது. தபாலிலோ நேரிலோ எதுவும் வரவில்லை.

இணையதளத்தில் பதிவேற்றுவதும் பிரிவு 169இன்படி சார்வு செய்யும் முறைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று அறிவிப்புகளுக்கும் பதில் இல்லாதபோது, அதே பிரிவில் உள்ள பதிவுத் தபால் வழியாக ஒரு கடிதம் வந்திருந்தால் நான் நேரில் வந்து நின்றிருப்பேன்.

இதைவிட முக்கியமான ஒன்று. பாதகமான முடிவு எடுக்க உத்தேசித்தால், கேட்காவிட்டாலும் விசாரணை வாய்ப்பு தர வேண்டும் என்கிறது பிரிவு 75(4). ஆனால் அறிவிப்பிலும் இரண்டு நினைவூட்டல்களிலும் விசாரணை நாள், நேரம், இடம் ஆகிய மூன்று கட்டங்களிலும் NA என்றே இருக்கிறது. நான் அவற்றை அன்றே பார்த்திருந்தாலும் எந்த நாளில் வருவது? இது ஆவணத்தைப் பார்த்த உடனே தெரியும் பிழை. அதனால்தான் பிரிவு 161இன் கீழ், ஆணை நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

வழக்கின் உள்விவரமும் எனக்குச் சாதகமாகவே இருக்கிறது. 3பி-யில் எடுத்த உள்ளீட்டு வரி வரவுக்கும் 2ஏ-வில் உள்ளதற்கும் இடையே ரூ.1,74,240 வித்தியாசம் என்கிறது ஆணை. அதில் ரூ.1,31,400, சென்னை மொத்த வியாபாரியின் 11 பில்களுக்கு உரியது. 2021 மார்ச் மாத பில்களை அவர் ஏப்ரல் மாத ரிட்டர்னில் காட்டியதால், அவை எனக்கு அடுத்த நிதியாண்டின் 2ஏ-வில் வந்துள்ளன. மீதி ரூ.42,840-ஐ நானே 2021 நவம்பர் 3பி-யில் திருப்பிக் கட்டிவிட்டேன். வெள்ளத்தில் மை கரைந்த பில்களுக்குப் பதிலாக அந்த வியாபாரியிடம் வாங்கிய நகல்களை இணைத்திருக்கிறேன். பணம் வங்கி வழியாகச் சென்றதற்கு பாஸ்புக் பக்கங்களும் இருக்கின்றன.

எனவே, ஐயா, 25.02.2025 தேதிய ஆணையை ரத்து செய்து, விசாரணை நாள் குறித்து, என் பதிலைப் பெற்றபின் புதிதாக முடிவெடுக்க வேண்டுகிறேன். இந்த மனு முடியும்வரை வசூல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதுபோன்ற பல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் தகராறுக்குரிய வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி ஆணையை ரத்து செய்து திருப்பி அனுப்பியிருக்கிறது. அதைப்போல 10 சதவீதமான ரூ.17,424-ஐ, உரிமையை விட்டுக்கொடுக்காமல், இப்போதே கட்டத் தயாராக இருக்கிறேன்.

ஏற்க இயலாது எனில், காரணத்துடன் கூடிய ஆணையை 23.05.2025க்குள் தர வேண்டுகிறேன். பிரிவு 107இன் கீழ் மேல்முறையீடு செய்ய எனக்குள்ள மூன்று மாதக் கெடு 25.05.2025 அன்று முடிகிறது. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை.

மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் 10.05.2025 அன்று என் பெயருக்கு மாற்றப்பட்டுவிட்டன. கடைக்கு வரும் தபாலையும் நானே வாங்கிக்கொள்வேன்.

இணைப்பு: ஆணை, அறிவிப்பு மற்றும் நினைவூட்டல் நகல்கள், 11 பில்கள், 2021 ஏப்ரல் 2ஏ, 2021 நவம்பர் 3பி, பாஸ்புக் பக்கங்கள், வெள்ளத்தில் எடுத்த கடைப் படங்கள் நான்கு, பதிவுச் சான்று நகல்.

மேலே கூறியவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. சுந்தரமூர்த்தி