வாசிப்பின் பயன்: பள்ளி ஆண்டு விழா உரை

வினா: உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ‘வாசிப்பின் பயன்’ என்னும் தலைப்பில் பேசுவதற்கேற்ற உரை ஒன்றினை எழுதுக.

விடை:

விழாவின் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வயல் வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அடுத்து நடனம் எப்போது என்று காத்திருக்கும் என் தோழர் தோழியரே, அனைவருக்கும் வணக்கம்.

‘வாசிப்பின் பயன்’ என்றதும் என் நினைவுக்கு வருவது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப்பெட்டிதான். பட்டா, சிட்டா, வரி ரசீது எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. சென்ற ஆண்டு சம்பா பயிருக்குக் காப்பீடு செய்துவிட்டு அப்பா ஒரு ரசீதோடு வந்தார். அதைப் பெட்டியில் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். கையில் கிடைக்கும் எந்தத் தாளையும் கடைசி வரிவரை படித்துவிடும் பழக்கம் எனக்கு. பக்கோடா சுற்றி வந்த தாளைக்கூட விடமாட்டேன். அதற்காக அப்பாயியிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். அன்று அந்த ரசீதையும் படித்தேன். எங்கள் நிலத்தின் புல எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அடங்கலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். மறுநாளே அப்பா போய்த் திருத்திக்கொண்டு வந்தார். “படிச்சுக்கிட்டே இருக்கா, ஒரு வேலைக்கும் ஆகமாட்டா” என்ற பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் நின்றது.

பயன் என்றால் இதைவிடப் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். கதை படிக்கும்போது கிடைக்கும் இன்பம் பெரிது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கதைகள்தாம் வரியை விட்டுவிடாமல் படிக்க என் கண்ணைப் பழக்கின. கணக்குத் தேர்வில் நாம் மதிப்பெண் இழப்பது பல நேரங்களில் கணக்கு தெரியாததால் அல்ல. நான்கு வரி வினாவில் மூன்றாவது வரியைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான்.

கணக்கு என்றதும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, ‘நூல்கள் பயன்பாட்டிற்கே’ என்பது. இதைச் சொல்ல ஒரு விதி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். புத்தகம் காணாமல் போய்விடக் கூடாது என்ற கவலை, அதைப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை வென்றுவிட்ட காலம் அது.

அந்த விதி எங்கள் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டி ஏறி வந்தது. 1931இல் கனகசபைப் பிள்ளை என்பவர் முயற்சியில் மேலவாசல் என்ற ஊரிலிருந்து ஒரு நடமாடும் நூலகம் கிளம்பியது. வண்டி நிறையப் புத்தகம்! அரங்கநாதனின் ஊக்கமும் அதற்குத் துணை நின்றது. நெல்லும் வைக்கோலும் ஏற்றிப் பழகிய சாலையில் புத்தகம் ஏற்றிய வண்டி போனபோது ஊரார் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலகமே போனது. பின்னர் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் நம் பெற்றோர் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே அப்பாக்களே, அம்மாக்களே, கிளை நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. போய்ப் படிக்காமல் இருந்தால் நட்டம் நமக்குத்தான்.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். தலைமையாசிரியர் அம்மா கோபிக்க மாட்டார் என்ற துணிவில் சொல்கிறேன். நம் பள்ளியில் நல்ல நூல்கள் இருக்கின்றன. மூன்று இரும்பு அலமாரிகள் நிறைய இருக்கின்றன. சாவி அலுவலக அறையில் இருக்கிறது. நூலகப் பாடவேளையில், சாவி வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. சங்கிலிக்குப் பதில் பூட்டு, அவ்வளவுதான் வேறுபாடு. மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம் அலமாரிகளைத் திறந்து வைத்தால், பதிவேடு எழுதவும் நூல்களை எண்ணி அடுக்கவும் பத்தாம் வகுப்பு மாணவிகள் ஆறு பேர் முறைவைத்து வருகிறோம். பெயர்ப் பட்டியலைத் தமிழாசிரியை அவர்களிடம் நேற்றே கொடுத்துவிட்டோம். ஒரு நூல் தொலைந்தால் அதே நூலை வாங்கி வைப்பது எங்கள் பொறுப்பு.

மேடை ஓரத்தில் சலங்கைச் சத்தம் கேட்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெகு நேரமாக நிற்கிறார்கள். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை மதியம் சாவிக்காக அலுவலக அறை வாசலில் நிற்போம். வணக்கம்.