அம்மம்மாவின் மணம்

பொழுது சாயும் நேரம். வழக்கம்போல அம்மம்மா திண்ணையில் குந்திச் சுருட்டைப் பற்ற வைத்தாள். பதினாறு வயதில், பல்வலிக்கு மருந்தென்று அவளுடைய அம்மாவே கொடுத்தது. பல்வலி போய் அறுபது வருடமாகிவிட்டது. கட்டியவரும் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். கோடாப் போட்ட புகையிலையின் வாசம் அவர் விரல்களை விட்டுப் போனதே இல்லை. அவர் கண்மூடிய பிறகு அந்த வாசம்தான் அவளுக்குத் துணை.

பேத்தி வந்து மடியில் சாய்ந்து முகர்ந்தாள்.

"அம்மம்மா, சுருட்டு பத்தாட்டி நீங்கள் என்ன மணம் மணப்பியள்?"

அம்மம்மா வாய் திறந்தாள். பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தாள், தெரியவில்லை. சுருட்டைத் தரையில் நசுக்கினாள்.

முதல் மூன்று இரவும் நித்திரை இல்லை. கை நடுங்கியது. தேத்தண்ணி சரியில்லையென்று மகளோடு சண்டை பிடித்தாள், பூனையைக் கூட ஏசினாள். நடுச்சாமத்தில் எழுந்து தகரப் பெட்டியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, மூடி வைத்தாள். வாய்க்குள் எப்போதும் ஒரு கராம்பு. ஐந்தாம் நாள் பெட்டியை மகளின் கையில் கொடுத்து, "எனக்குத் தெரியாத இடத்தில வை" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் முழுகிவிட்டு, ஈரத் தலையோடு பேத்தியைக் கூப்பிட்டாள்.

"இப்ப மணந்து பார், பிள்ளை."

சின்னவள் கழுத்தடியில் முகம் புதைத்து வெகுநேரம் முகர்ந்தாள்.

"கராம்பு. அப்புறம்... அம்மான்ர மணம்."