பேனர் படம்: இரண்டாம் பிரதியில் செய்ய வேண்டிய திருத்தங்கள்

வணக்கம்.

நீங்கள் நேற்று அனுப்பிய banner_v2.jpg கோப்பைக் கணினியில் பெரிதாக்கியும், சற்றுத் தள்ளி நின்றும் பார்த்தேன். பின்னணிச் சுவரைச் சுத்தம் செய்திருக்கும் விதம் மிகவும் நன்றாக இருக்கிறது. அதில் இனிக் கை வைக்க வேண்டாம். திருத்த வேண்டியவை பெரும்பாலும் கடிகாரங்களில்தான் இருக்கின்றன. பழுது பார்க்கும் கடையின் பேனரில் கடிகாரமே தவறாக இருந்தால் வருகிறவர்கள் முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள் என்பதால், கொஞ்சம் நுணுக்கமாகவே எழுதுகிறேன்.

முதலாவதாக, எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடம் வேண்டும் என்பதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுவர்க் கடிகாரத்தில் எண்களை மட்டும் புதிதாக வைத்துச் சரிசெய்துவிட்டீர்கள். ஆனால் பின்னால் இருக்கும் மேசைக் கடிகாரத்தின் எண்கள் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியே நிற்கின்றன, கைக்கடிகாரத்தின் சாவிக் குமிழும் 9 மணிப் பக்கம் போய்விட்டது. ஆகவே திருப்பாத மூலப் படத்தையே எடுத்துக்கொண்டு, எழுத்துகளை வலப்பக்கம் மாற்றிவிடுங்கள். அங்கே சுவர் போதாது என்றால், வெற்றுச் சுவரை மட்டும் வேண்டிய அளவு நீட்டிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் நீங்கள் புதிதாக வைத்த எண்களும் தேவைப்படாது. அந்தக் கடிகாரத்தில் 4 என்ற ரோமன் எண் நான்கு நேர்கோடுகளாகத்தான் இருக்கும். அது பிழையன்று, பழைய டயல்களில் வழக்கமாக உள்ளதுதான்.

முட்களை 10.10-க்கு மாற்றச் சொன்னது நான்தான். இரண்டு முட்களும் இருபுறமும் விரிந்து நின்றால் டயலின் நடுப்பகுதி மறையாது என்பதற்காகக் கடிகார விளம்பரங்களில் அப்படி வைப்பது வழக்கம். ஆனால் நீங்கள் மணி முள்ளைச் சரியாக 10-இன் மேலேயே நிறுத்தியிருக்கிறீர்கள். பத்து நிமிடம் கடந்திருக்கும்போது மணி முள் 10-ஐத் தாண்டி, 11-க்குப் போகும் தூரத்தில் ஆறில் ஒரு பங்கு நகர்ந்திருக்க வேண்டும். நிமிட முள் 2-இன் மேல் இருப்பது சரி. மணி முள்ளின் நுனியில் பழைய முள்ளின் நிழல் இன்னும் லேசாகத் தெரிகிறது, அதையும் எடுத்துவிடுங்கள்.

சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில், 12-இலிருந்து 2 வரை, டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே மங்கலாகத் தெரிவது என் சட்டைக் கை. இரண்டையும் நீக்க வேண்டும். ஆனால் கண்ணாடியின் மினுமினுப்பை முழுவதும் துடைத்துவிட்டால் கண்ணாடியே இல்லாதது போலாகிவிடும், ஆகவே மேல் விளிம்பை ஒட்டி மெல்லிய ஒளிக்கோடு ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

மரச் சட்டம் படத்தில் செங்கல் நிறத்துக்குப் போயிருக்கிறது. உண்மையில் அது தேன் கலந்த பழுப்பு. சிவப்பைக் குறைக்கும்போது டயலின் வெளிர்மஞ்சள் வெளுத்துவிடாமல், சட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்தினால் போதும். சட்டத்தின் கீழ் மூலையில் உள்ள கீறலை அப்படியே விட்டுவிடுங்கள். அது பழைய கடிகாரம், புதியது போலக் காட்டி விற்கும் எண்ணம் எனக்கில்லை. ஊசலின் மேல் உள்ள கைரேகையை மட்டும் அழித்துவிடலாம். மேசைக் கடிகாரத்தின் டயலில் தெரியும் நிறுவனப் பெயரையும் நீக்கிவிடுங்கள், நான் அவர்களுடைய முகவர் அல்லன்.

எழுத்துகளில் இரண்டு விஷயங்கள். "பழுது பார்க்கபடும்" என்று வந்திருக்கிறது. "பார்க்கப்படும்" என்று ஒற்றுடன் வர வேண்டும். வெளிர்மஞ்சள் சுவரில் மஞ்சள் எழுத்து தூரத்திலிருந்து தெரியவில்லை, அடர் பழுப்புக்கு மாற்றுங்கள்.

பேனரின் அளவு 10 அடிக்கு 4 அடி. இப்போதைய வெட்டில் ஊசலின் அடிப்பாகம் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான்கு பக்கமும் வளையம் அடிப்பார்கள் என்பதால், ஊசலும் எழுத்துகளும் விளிம்பிலிருந்து குறைந்தது 3 அங்குலம் உள்ளே தள்ளி இருக்கட்டும். படம் 6000 புள்ளி அகலம் கொண்டது. 120 அங்குலத்துக்கு அது அங்குலத்துக்கு 50 புள்ளிதான் வரும். தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு அது போதும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள், ஆனால் அதற்கும் கீழே போகும்படி படத்தை இனி நெருக்கி வெட்ட வேண்டாம். இறுதிக் கோப்பை அச்சுக்குரிய சி.எம்.ஒய்.கே. நிறத்தில், எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றி, பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். போன முறை வேறோர் இடத்தில் ஃபாண்ட் இல்லாமல் திறந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக அச்சாகி வந்தது.

சுவரை நீட்டுவது நாம் பேசிக்கொண்ட வேலையில் அடங்காது என்பதை அறிவேன். அதற்குரிய தொகையைத் தனியாகச் சொல்லுங்கள், சேர்த்துத் தருகிறேன். அச்சகத்துக்குச் சனிக்கிழமை காலையில் கொடுக்க வேண்டியிருப்பதால், வியாழன் மாலைக்குள் ஒரு மாதிரி கிடைத்தால் வெள்ளியன்று பார்த்து உறுதி சொல்லிவிடுவேன். மணி முள்ளின் இடத்தில் ஐயம் இருந்தால் கேளுங்கள், கடையில் அதே கடிகாரத்தை 10.10-இல் நிறுத்தி நேராகப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கடிகாரக் கடையிலிருந்து