சின்னவள் கல்யாணம்: யாருக்கு, எப்போது, எவ்வளவு

அப்பா, மாமா, தம்பி மூவரும் படிக்கவும்.

கல்யாணம் 24ஆம் தேதி, ஞாயிறு. இன்று 3ஆம் தேதி வரை கொடுத்ததும் இனிக் கொடுக்க வேண்டியதும் கீழே இருக்கின்றன. இந்தத் தாள் பலர் கைக்குப் போகும் என்பதால் தொகை அப்பாவின் நோட்டிலேயே இருக்கட்டும். இங்கே சதவீதம் மட்டும்.

| யாருக்கு | கொடுத்த அட்வான்ஸ் | அடுத்தது | கடைசி மீதி |
|---|---|---|---|
| மண்டபம் | 50% | 17ஆம் தேதி 50%, கூடவே டெபாசிட் | இல்லை |
| சமையல் | 20% | 17ஆம் தேதி 50% | 25ஆம் தேதி 30% |
| அலங்காரம் | 30% | 23ஆம் தேதி, பொருள் இறங்கியதும் 50% | 24ஆம் தேதி இரவு 20% |
| போட்டோ, வீடியோ | 30% | 24ஆம் தேதி 40% | ஆல்பம் கைக்கு வந்ததும் 30% |
| ஒலி, ஒளி | 50% | இல்லை | 24ஆம் தேதி இரவு 50% |
| வண்டி | 25% | இல்லை | 25ஆம் தேதி 75% |

பணம் கொடுப்பது தம்பி மட்டும்தான். அப்பாவிடமோ மாமாவிடமோ யாராவது வந்து கேட்டால், "பையனிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். என் கல்யாணத்தில் அலங்காரக்காரரின் ஆள் ஒருவர் வந்து மீதியை வாங்கிப் போனார். ரசீது இல்லை. மறுநாள் முதலாளி வந்து, "எனக்கு வரவில்லையே" என்றார். பாதியை இரண்டாம் முறை கொடுத்துத்தான் முடித்தோம்.

மண்டபத்தின் டெபாசிட் வாடகையில் சேராது. 25ஆம் தேதி காலை சாவியை ஒப்படைக்கும்போது உடைசல், கரண்ட் கணக்கு பார்த்து, மிச்சத்தை அன்றைக்கே தர வேண்டும் என்று எழுதி வாங்கியாகிவிட்டது. 23ஆம் தேதி உள்ளே நுழைந்தவுடன் கரண்ட் மீட்டரை போட்டோ எடுக்க வேண்டும், தம்பி. காலி செய்யும்போது இன்னொன்று. ஏற்கெனவே விரிசல் விட்ட கண்ணாடி, ஆடுகிற குழாய் இருந்தால் அதையும் எடுத்துவை.

போட்டோகாரர் 24ஆம் தேதியே முழுதும் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி 30% நம் கையில் இருந்தால்தான் ஆல்பம் நடக்கும். 60 நாளில் ஆல்பம், 15 நாளில் எல்லாப் படங்களும் பென்டிரைவில். இரண்டுக்கும் "சரி" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

வண்டிக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டரைக் குறித்து டிரைவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும். டிரைவர் பேட்டா வாடகையிலேயே அடக்கம்.

சமையலில்தான் பேச்சு நிறைய. அவருக்கு இன்று அனுப்பியது இது:

"வணக்கம் அண்ணா. நேற்று நேரில் பேசியதை எழுதி அனுப்புகிறேன். 24ஆம் தேதி 350 பேருக்குச் சாப்பாடு. இறுதி எண்ணிக்கையை 20ஆம் தேதி மாலை 6 மணிக்குள் நாங்கள் சொல்வோம். அது 300க்குக் குறைந்தாலும் 300 பேருக்கான பணம் தருவோம். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் 35 பேர் வரை வந்தால் அதே விலையில் பரிமாறுவீர்கள். பாத்திர வாடகை, கேஸ், பரிமாறும் ஆட்களின் கூலி, போக்குவரத்து எல்லாம் பேசிய விலைக்குள் அடக்கம். தனியாக எதுவும் கிடையாது. போன மாதம் 12ஆம் தேதி 20% பெற்றுக்கொண்டீர்கள், ரசீது எண் 118. 17ஆம் தேதி 50% தருவோம். இவை இரண்டும் 350 பேர் கணக்கில். மீதியை 25ஆம் தேதி இறுதிக் கணக்குப்படி கூட்டியோ குறைத்தோ முடிப்போம். 17ஆம் தேதிக்கு முன் நாங்கள் ரத்து செய்தால் அட்வான்ஸ் உங்களுக்கு. உங்களால் வர முடியாமல் போனால், வாங்கியது முழுவதையும் 3 நாளில் திருப்பித் தருவீர்கள். இதில் மாற்றம் இருந்தால் 5ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் 'மேலே உள்ளது சரி' என்று பதில் அனுப்புங்கள்."

பதில் வராமல் 17ஆம் தேதி 50% போகக் கூடாது. போனில் "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்பது பதில் ஆகாது. மற்ற ஐந்து பேரின் பதிலும் வந்துவிட்டது.

அப்புறம் ரசீது. பெற்றவர் பெயர், தேதி, தொகை எண்ணிலும் எழுத்திலும், எதற்காக, இன்னும் எவ்வளவு பாக்கி, கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாக்கியை எழுதாத ரசீதால்தான் பின்னால் சண்டை வரும். பேங்க் மூலம் அனுப்பினாலும் ரசீது வாங்கு. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால் பணம் போனது தெரியும், எந்தக் கணக்கில் வரவு வைத்தார் என்பது தெரியாது. ஒலி, ஒளிக்காரரிடம் ரசீதுப் புத்தகமே கிடையாது. நாமே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டும். 24ஆம் தேதி இரவு தேட முடியாது, அதனால் இரண்டு பிரதி எழுதி நீல ஃபைலில் வைத்துவிட்டேன். அந்த இரவு கொடுக்க வேண்டிய அலங்காரம், போட்டோ, ஒலி ஒளிப் பணம் தனித்தனிக் கவரில், மேலே பெயரோடு, மாமாவின் பையில் இருக்கும். கவரை எடுத்துக் கொடுப்பது அப்போதும் தம்பிதான்.

அலங்காரக்காரரின் அட்வான்ஸ் ரசீதில் மட்டும் பாக்கி எழுதவில்லை. தம்பி, நாளை அந்தப் பக்கம் போகும்போது எழுதி வாங்கிவா.