இரண்டு டம்பெல், ஒரு பேண்ட்: எட்டு வார வீட்டுப் பயிற்சித் திட்டம்

நீங்கள் எழுதி அனுப்பிய விவரங்களை வைத்து இந்தத் திட்டத்தை வகுத்திருக்கிறேன். உங்களுக்கு வயது 41, எடை 78 கிலோ. பகலில் பெரும்பகுதி நாற்காலியில் கழிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓராண்டு ஜிம்முக்குச் சென்று பிறகு விட்டுவிட்டீர்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது வலது தோள் சற்றே பிடிப்பதாகவும், மருத்துவர் பார்த்துவிட்டுப் பயிற்சி செய்யலாம் என்று சொன்னதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பவை 2.5 கிலோ படிகளில் 20 கிலோ வரை ஏற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல்கள், நீண்ட வளைய வடிவ ரப்பர் பேண்ட் ஒன்று, அதைக் கதவில் மாட்டுவதற்கு உடன் வந்த பட்டை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும் என்கிறீர்கள். அது போதும்.

திட்டத்தின் அமைப்பைத் தீர்மானித்தது ஒரு எளிய இயற்பியல் உண்மை. டம்பெல் எப்போதும் தரையை நோக்கி மட்டுமே இழுக்கும். ஆகவே மேலே தள்ளுவதற்கும், குனிந்து நிமிர்வதற்கும், கையில் சுமந்து உட்கார்ந்து எழுவதற்கும் அது மிகப் பொருத்தமானது. ஆனால் மேலிருந்து கீழே இழுக்கும் அசைவையோ, பக்கவாட்டில் வரும் விசையை எதிர்த்து நிற்கும் அசைவையோ நின்ற நிலையில் அதனால் தர முடியாது. பேண்ட் எங்கே கட்டப்படுகிறதோ அந்தத் திசையில் இழுக்கும். இதனால் பேண்டை 'கனம் குறைந்த டம்பெல்' போலப் பயன்படுத்தும் வழக்கத்தை நான் இங்கே தவிர்த்திருக்கிறேன். டம்பெல்லால் முடியாத வேலைகளை மட்டுமே அதற்குக் கொடுத்திருக்கிறேன்.

மற்றொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஒவ்வொரு பயிற்சிக்கும் தட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பாதி நேரம் திருகுவதிலேயே போய்விடும்; சலிப்பும் வரும். அதனால் ஒரே எடையில் செய்யக்கூடிய பயிற்சிகளை அடுத்தடுத்து வைத்து, ஓர் அமர்வுக்கு ஒரே ஒரு முறை எடை மாற்றினால் போதும் என்றவாறு வரிசைப்படுத்தியிருக்கிறேன். தயவுசெய்து இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அமர்வுகள் இரண்டு: 'அ', 'ஆ'. முதல் வாரம் அ, ஆ, அ என்றும், அடுத்த வாரம் ஆ, அ, ஆ என்றும் மாறி மாறி வரும். இரண்டு அமர்வுகளுக்கு இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி இருக்கட்டும்.

தொடங்கும் முன்

ஐந்து நிமிடம் உடலைச் சூடேற்றுங்கள். எடையில்லாமல் பத்து ஸ்குவாட், கைகளை இடுப்பில் வைத்து இடுப்பை மட்டும் பின்னால் தள்ளிக் குனியும் அசைவு பத்து முறை, பேண்டைத் தளர்வாகப் பிடித்து மார்புக்கு முன் விரிப்பது பதினைந்து முறை. இதையே இரண்டு சுற்று. முதல் பயிற்சியைக் குறைந்த எடையில் ஒரு செட் செய்து பார்ப்பதுதான் சிறந்த சூடேற்றம் என்றாலும், அதற்காக மீண்டும் தட்டுகளைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டேன். தொடக்க எடைகள் மிதமானவை என்பதால் இப்போதைக்குப் பாதகமில்லை.

அமர்வு அ

ஒரு டம்பெல்லை 15 கிலோவுக்கும் மற்றதை 12.5 கிலோவுக்கும் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். முதல் ஜோடி, காப்லெட் ஸ்குவாட்டும் ஒரு கை ரோவும். 15 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து நிமிர்த்திப் பிடித்து, குதிகால் தரையைவிட்டு எழாத அளவுக்கு ஆழமாக உட்கார்ந்து எழ வேண்டும். 8 முதல் 15 முறை. ஒரு நிமிடம் ஓய்வெடுத்த பின் அதே டம்பெல்லால், நாற்காலியில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையின் முழங்கையை இடுப்புப் பக்கமாக இழுங்கள்; ஒவ்வொரு பக்கமும் 8 முதல் 12 முறை. உடம்பைத் திருகி எடையை மேலே வீசினால் முதுகுக்கு வேலையே இருக்காது. இப்படி மூன்று சுற்று.

இப்போது 15 கிலோ டம்பெல்லில் இருந்து தட்டைக் கழற்றி இரண்டையும் 12.5 கிலோவாக்குங்கள். அமர்வின் ஒரே எடை மாற்றம் இதுதான். அடுத்த ஜோடி ஃப்ளோர் பிரஸ்ஸும் பேண்ட் விரிப்பும். தரையில் முழங்கால் மடக்கி மல்லாந்து படுத்து, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடித்து, மேல் கை தரையைத் தொடும் வரை இறக்கி, ஒரு விநாடி நிறுத்தி, மேலே தள்ளுங்கள். 8 முதல் 12 முறை. பெஞ்ச் இல்லாத குறைக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை: தரை கையைத் தடுத்துவிடுவதால் தோள் அதிகம் பின்னால் விரிவதில்லை, உங்கள் வலது தோளுக்கு அது நல்லது. பிறகு பேண்டை நெஞ்சு உயரத்தில் நீட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் விரிப்பது 15 முதல் 20 முறை. இதுவும் மூன்று சுற்று.

இறுதியாகப் பேலோஃப் பிரஸ். பேண்டைக் கதவில் நெஞ்சு உயரத்தில் மாட்டி, கதவுக்குப் பக்கவாட்டில் நின்று, இரு கைகளாலும் பேண்டை நெஞ்சுக்கு நேராக நீட்டி மூன்று விநாடி நிறுத்துங்கள். பேண்ட் உங்களைக் கதவின் பக்கம் திருப்பப் பார்க்கும். திரும்பாமல் நிற்பதுதான் பயிற்சி. பார்ப்பவருக்கு நீங்கள் எதுவுமே செய்யாதது போலத் தோன்றும்; எட்டாவது முறையில் வயிற்றுக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கமும் 10 முறை, இரண்டு செட்.

அமர்வு ஆ

இரண்டு டம்பெல்களும் 17.5 கிலோ. முதல் ஜோடி ரோமேனியன் டெட்லிஃப்ட்டும் பேண்ட் புல்டவுனும். முழங்காலைச் சற்றே மடக்கி, டம்பெல்கள் தொடையை உரசியபடி இறங்க, இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். தொடையின் பின்புறம் இறுகும் இடத்தில் நிறுத்தி எழுங்கள். தரையைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முதுகு வளையாமல் இருப்பதே அளவு. 8 முதல் 12 முறை. நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஓய்வுக்குப் பின், கதவின் மேல் விளிம்பில் மாட்டிய பேண்டின் முன் மண்டியிட்டு, முழங்கைகளை விலாப் பக்கம் கீழே இழுங்கள். 12 முதல் 20 முறை. மூன்று சுற்று.

பிறகு இரண்டையும் 7.5 கிலோவாக்கி, நின்றபடி தலைக்கு மேல் தள்ளும் பிரஸ் 8 முதல் 15 முறை. அதே டம்பெல்களைத் தொங்கவிட்டுப் பிடித்து, பின்னங்காலை நாற்காலியில் வைத்து ஸ்ப்ளிட் ஸ்குவாட், ஒவ்வொரு காலுக்கும் 8 முதல் 12 முறை. நாற்காலி சுவரில் முட்டியிருக்கட்டும். ஒற்றைக் காலில் செய்யும்போது 15 கிலோ கூட்டுச் சுமை போதுமா என்று கேட்காதீர்கள்; முதல் நாள் மாடிப்படி இறங்கும்போது விடை கிடைக்கும். மூன்று சுற்றுக்குப் பின், அதே எடையில், முழங்கையை மடக்கி டம்பெல்லைத் தோளை நோக்கித் தூக்கும் கர்ல் இரண்டு செட். பிரஸ்ஸின்போது வலது தோள் பிடித்தால் உள்ளங்கைகளை உள்நோக்கித் திருப்பி, முழங்கைகளைச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள். அப்படியும் பிடித்தால் அன்று அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு கடினமாக, எப்போது கூட்டுவது

முதல் வாரம் எல்லாவற்றிலும் இரண்டு செட் மட்டும்; இன்னும் நான்கு முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து முழு அளவு, செட்டின் முடிவில் ஒன்றிரண்டு முறைக்குத் தெம்பு மீதமிருக்க வேண்டும். ஐந்தாம் வாரம் மீண்டும் இரண்டு செட்டாகக் குறைத்து உடலுக்கு ஓய்வு தந்துவிட்டு, ஆறு முதல் எட்டு வரை முழு அளவுக்குத் திரும்புங்கள். முழு வாரங்களில் தள்ளும் பயிற்சிகள், இழுக்கும் பயிற்சிகள், ஸ்குவாட் வகைகள் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக வாரம் ஒன்பது செட் கிடைக்கும்.

படிப்படியாகச் சுமையைக் கூட்டும் முறையை அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1945-இல் கட்டுரையாக வெளியிட்டார். காயம்பட்ட வீரர்களின் வலுவை மீட்பதற்காக அவர் அதைப் பயன்படுத்தினார். அவருடைய கொள்கை உங்கள் அறையிலும் அப்படியே பொருந்தும், ஆனால் உங்கள் படி 2.5 கிலோ என்பதுதான் தொல்லை. 17.5-லிருந்து 20 கிலோவுக்குப் போவது ஏறத்தாழ 14 சதவீத உயர்வு, 7.5-லிருந்து 10 கிலோவுக்குப் போவதோ மூன்றில் ஒரு பங்கு உயர்வு. தோளுக்கு அது பெரிய தாவல். தலைக்கு மேல் தள்ளும் பிரஸ்ஸுக்கு 15 முறை வரை எல்லையை நீட்டியிருப்பதற்குக் காரணம் இதுவே. மூன்று செட்டிலும் மேல் எல்லையைத் தொட்ட பிறகே எடையைக் கூட்ட வேண்டும்; கூட்டியதும் முறைகள் கீழ் எல்லைக்கு இறங்கிவிடும், அது இயல்பு. கீழ் எல்லையையும் எட்ட முடியாவிட்டால் பழைய எடைக்குத் திரும்பி, இறக்குவதை மூன்று விநாடிக்கு நீட்டி ஒரு வாரம் செய்யுங்கள்.

20 கிலோவில் டெட்லிஃப்ட் எளிதாகிவிட்டால் புதிய டம்பெல் வாங்கத் தேவையில்லை. ஒரு காலைச் சற்றுப் பின்னால் வைத்து, அதன் விரல்நுனி மட்டும் தரையில் படும்படி செய்தால் பெரும்பாலான சுமை முன்காலுக்குப் போய்விடும். காப்லெட் ஸ்குவாட் 20 கிலோவைத் தாண்டும்போது தோளுக்கு ஒன்றாக இரண்டு 12.5 கிலோ டம்பெல்களை வைத்துக்கொள்ளுங்கள்.

பேண்டின் சுமைக்கு நிலையான எண் கிடையாது. நீளும் அளவுதான் அதன் எடை. இன்று கதவிலிருந்து இரண்டடி தள்ளி, நாளை மூன்றடி தள்ளி நின்றால் முன்னேறினோமா இல்லையா என்றே தெரியாது. ஆகவே நிற்கும் இடத்தையும் மண்டியிடும் இடத்தையும் தரையில் ஒட்டுத்தாளால் குறித்துவிடுங்கள். மேல் எல்லையைத் தொட்டதும் ஒரு சாண் பின்னால் நகருங்கள். எட்டு வாரமும் ஒரே நோட்டில் தேதி, எடை, முறைகள், பேண்டின் குறி ஆகியவற்றை எழுதிவாருங்கள்.

எச்சரிக்கைகள்

பேண்டை இழுக்கும்போது கதவு மேலும் இறுக மூடிக்கொள்ளும் பக்கத்திலேயே நில்லுங்கள். திறக்கும் பக்கத்தில் நின்றால் கதவு உங்கள் மேல் வரும். பூட்டுவதும், வீட்டாரிடம் சொல்லிவைப்பதும் அவசியம். ஒவ்வொரு முறையும் பேண்டை விரலால் தடவிப் பாருங்கள். சிறு கீறலோ வெடிப்போ தெரிந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள், அறுந்து முகத்தில் அடிக்கும். டம்பெல்லின் திருகை ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் இறுக்கிப் பாருங்கள், குறிப்பாகத் தலைக்கு மேல் தூக்கும் முன்பு. டம்பெல்லைத் தரையில் போடாமல் மெதுவாக வையுங்கள்.

ஓரிரு நாள் கழித்துத் தசை வலிப்பது சகஜம். மூட்டில் குத்தும் வலி வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். நெஞ்சு அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள்.

இந்தத் திட்டம் நடைக்கு மாற்றல்ல. உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், வாரத்தில் இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியோடு குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையும் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கின்றன. பயிற்சி இல்லாத நாள்களில் வேகமாக நடந்துவிடுங்கள். எட்டாம் வாரத்தின் கடைசி அமர்வு முடிந்ததும் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த எட்டு வாரத்துக்கான எடைகளை அதிலிருந்துதான் எடுப்பேன்.