அப்பாவின் மாத்திரை வேளைகளைக் குறைக்க முடியுமா, டாக்டர்?

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் 6 வருடமாகச் சிகிச்சை எடுத்துவரும் சண்முகத்தின் மகன் செந்தில் எழுதுகிறேன். அப்பாவுக்கு இப்போது 74 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, இதயத்தில் ஒரு ஸ்டென்ட், புரோஸ்டேட் வீக்கம். எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். வரும் செவ்வாய்க்கிழமை அவரை அழைத்து வருகிறேன். அங்கே அப்பாவை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசினால் பாதி விட்டுப்போகும், அவருக்கும் சங்கடமாக இருக்கும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

அப்பா இப்போது 13 வகை மருந்து சாப்பிடுகிறார். ஒரு நாளைக்கு 15 தடவை மாத்திரையை வாயில் போடுகிறார், அதுவும் 9 வேளையாக. காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை. ஏழரைக்கு வயிற்றுக்கான பான்டோப்ரசோல். 8 மணிக்குச் சாப்பாட்டுக்குச் சற்று முன் கிளிமெபிரைடு. சாப்பிட்டபின் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அரை மெட்டோப்ரோலால். 11 மணிக்குக் கால்சியம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்பிரின், பி12. மாலை 7 மணிக்கு இன்னொரு வயிற்று மாத்திரை. இரவு சாப்பிட்டபின் மெட்ஃபார்மின், இன்னொரு அரை மெட்டோப்ரோலால், அம்லோடிபின். ஒன்பதரைக்கு அட்டோர்வாஸ்டாடின், டாம்சுலோசின். எழுதிப் பார்த்த பிறகுதான் இவ்வளவு இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. அவர் இதை வருடக்கணக்காகத் தனியாகச் சமாளித்திருக்கிறார்.

இப்போது சமாளிக்க முடியவில்லை. போன மாதம் 30 ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்தேன். மாதக் கடைசியில் அட்டையை எடுத்துப் பார்த்தால் 11 மாத்திரை மிச்சம். ஸ்டென்ட் வைத்தவர் விடவே கூடாது என்று நீங்கள் அழுத்திச் சொன்ன மாத்திரை அது. வேண்டுமென்று விடவில்லை, மதியம் சாப்பிட்டவுடன் கண் அசந்து தூங்கிவிடுகிறார். காலை வேளையும் இரவு வேளையும் அநேகமாகத் தவறுவதில்லை. தவறுவதெல்லாம் 11 மணி, மதியம், மாலை 7 மணி, இந்த மூன்றும்தான். அம்மாவுக்குக் கண்ணில் புரை, அட்டையில் உள்ள எழுத்து தெரியாது. நான் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வீடு திரும்புவேன்.

மறப்பதை விட எனக்குப் பயமாக இருப்பது இரண்டு முறை போட்டுக்கொள்வது. 3 வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளிமெபிரைடு போட்டது நினைவில்லாமல் மறுபடியும் ஒன்றைப் போட்டிருக்கிறார். பத்தரை மணிக்குச் சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குப் பதில் குழறலாக வந்தது. மீட்டரில் 58 காட்டியது. சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்தேன், 15 நிமிடத்தில் 91 வந்தது. அப்புறம் சாப்பிட வைத்து, சாயங்காலம் வரை ஒவ்வொரு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். வேலை நாளாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

உங்களைக் கேட்காமல் நானாக எதையும் மாற்றவில்லை, நிறுத்தவும் இல்லை. எனக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன், சரியா தவறா என்று நீங்கள் பாருங்கள்.

9 வேளையை 3 வேளையாக்க முடியுமா? எழுந்தவுடன் வெறும் வயிற்றில் ஒன்று, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. அப்பா மறக்காத நேரங்கள் இவைதான். தைராய்டு மாத்திரை தனியாக இருக்க வேண்டும் என்பது புரிகிறது, அது எழுந்தவுடன் போகட்டும். கால்சியத்துக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று நீங்கள் முன்பு சொன்னதால்தான் 11 மணி வேளையே வந்தது. கால்சியத்தை இரவுச் சாப்பாட்டோடு கொடுத்தால் அந்த இடைவெளி தானாகவே கிடைத்துவிடும் அல்லவா? ஆஸ்பிரினையும் பி12-ஐயும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றலாமா? அட்டோர்வாஸ்டாடினை எந்த நேரத்திலும் சாப்பிடலாம் என்று மருந்தாளர் சொன்னார். அப்படியானால் ஒன்பதரை மணி வரை அப்பா விழித்திருக்க வேண்டியதில்லை.

மெட்டோப்ரோலாலை உடைப்பது தனித் தொல்லை. விரல் நடுக்கத்தில் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று பொடியாகவும் போகிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும் என்கிற நீடித்து வேலை செய்யும் வகை இருக்கிறதாமே, அது அப்பாவுக்கு ஒத்துவருமா? டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையும் உண்டு என்று அறிந்தேன். சேர்த்துவிட்டால் பிறகு ஒன்றின் அளவை மட்டும் கூட்டுவதோ குறைப்பதோ எளிதல்ல என்பதால் நீங்கள் யோசிக்கலாம். கடந்த 2 வாரமாக வீட்டில் எடுத்த ரத்த அழுத்த அளவுகளை நோட்டில் எழுதியிருக்கிறேன். காலையில் மேல் அளவு 122-லிருந்து 136-க்குள் இருக்கிறது. ஆனால் 2 நாள் விடியற்காலையில் சிறுநீர் கழிக்க எழுந்தபோது தலை சுற்றியது என்றார், அப்போது பார்த்தால் 104/62. டாம்சுலோசினும் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால், இரவில் அம்லோடிபினும் அதுவும் சேர்வது காரணமாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். வேளைகளைச் சேர்க்கும்போது இதை அவசியம் கவனியுங்கள். அவர் கீழே விழுந்துவிடக் கூடாது.

இன்னொரு விஷயம். மாலை 7 மணி மாத்திரை உங்களுடையது இல்லை. 2 வருடத்துக்கு முன் வயிற்று உப்புசத்துக்காக வேறொரு மருத்துவரிடம் போனபோது கொடுத்தது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டையைத் திருப்பிப் படித்தபோதுதான் அதிலும் பான்டோப்ரசோல்தான், கூடவே டோம்பெரிடோன் என்று தெரிந்தது. பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் ஒரே மருந்து இரண்டு தடவை போவது எங்களுக்குத் தெரியவில்லை. இதை உங்களிடம் முன்பே காட்டாதது எங்கள் தவறு. இது இன்னும் தேவையா?

அதேபோல, கிளிமெபிரைடு இந்த வயதில் அவசியமா, குறைக்க முடியுமா என்றும் கேட்க நினைத்தேன். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி 7.1, கிரியாட்டினின் 1.3. அந்தத் தாழ்சர்க்கரைக்குப் பிறகு அம்மா காலையில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகர்வதே இல்லை.

நீங்கள் முடிவு செய்ததை ஒரே தாளில், வேளைவாரியாக, பழைய சீட்டுகள் எல்லாம் ரத்து என்று குறிப்பிட்டு எழுதித் தந்தால் பேருதவி. ஒரு வேளை தவறினால் எதை அடுத்த வேளை வரை விடலாம், எதை உடனே போட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் 3 அறை கொண்ட மாத்திரைப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் ஒரு வாரத்துக்கு நானே நிரப்புவேன். டப்பாவிலிருந்து எடுத்து வைக்கக் கூடாத மாத்திரை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அப்படியே செய்யலாம். முதலில் மதிய வேளையை மட்டும் எடுத்துவிட்டாலே எங்களுக்குப் பெரிய ஆறுதல். மாற்றிய பிறகு அழுத்தமும் சர்க்கரையும் தினமும் குறித்து, எத்தனை நாளில் காட்டச் சொல்கிறீர்களோ அத்தனை நாளில் கொண்டுவருகிறேன்.

செவ்வாய்க்கிழமை வரும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு பையில் எடுத்து வருகிறேன். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஆஸ்பிரின் பற்றி எழுதியதில் அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் அனுப்பு என்று சொன்னார். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள் டாக்டர்.

நன்றியுடன்,
செந்தில்